மொட்டைக் கடிதம் மதிப்பீடு ஆகுமா?

நிதியாண்டு முடியும் நேரத்தில், தென் சென்னையின் அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களின் மின்னஞ்சலுக்கு ஓர் இணைப்பு வந்து விழும். சோழிங்கநல்லூர், பெருங்குடி, சிறுசேரி, தாம்பரம் சானடோரியத்தில் உள்ள மெப்ஸ் வளாகம் என்று எங்கே இருந்தாலும் வாசகம் ஏறத்தாழ ஒன்றுதான். உங்களுடன் பணிபுரியும் இன்னாரைப் பற்றி உங்கள் கருத்தைச் சொல்லுங்கள், உங்கள் பெயர் வெளியே தெரியாது. கீழே ஏழெட்டு அல்லது பத்துக் கேள்விகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கடைசியில் விருப்பம்போல் எழுத ஒரு கட்டம்.

நிரப்பி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்தக் கட்டத்தில் விழும் இரண்டு வரி ஒருவருடைய சம்பள உயர்வைக் குறைக்கும், பதவி உயர்வை ஒரு வருடம் தள்ளிப்போடும். சில இடங்களில் 'பி.ஐ.பி.-ல போட்டுட்டாங்க' என்று கேன்டீனில் மெல்லப் பேசிக்கொள்வார்களே, அந்தத் திருத்தக் காலப் பட்டியலுக்கே கொண்டுபோய் விடும். வீட்டுக் கடனும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அந்தச் சம்பளத்தை நம்பித்தான் இருக்கின்றன.

படிவத்தை நிரப்புகிறவர்களில் பெரும்பாலோர் நேர்மையாகவே எழுதுகிறார்கள். சிலர் எழுதுவதில்லை. ஒரு வாக்குவாதத்துக்குப் பழி தீர்க்கவோ, அடுத்த பதவிக்கு நிற்பவரைச் சரிக்கவோ பெயர் மறைப்பைப் பயன்படுத்துகிறார்கள். மொட்டைக் கடிதம் நம் அலுவலகங்களுக்குப் புதியதல்ல. முன்பெல்லாம் அது கையெழுத்தில்லாமல் தபாலில் வரும். அதைப் படிக்கும் அதிகாரிக்கே கொஞ்சம் கூச்சம் இருக்கும். இப்போது நிறுவனமே படிவம் அச்சிட்டு, கடைசித் தேதி குறித்து, எழுதாதவர்களுக்கு நினைவூட்டலும் அனுப்பி வாங்குகிறது. அதனால் அதற்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. வந்த கருத்து எண்ணாக மாறி, சராசரியாகி, வரைபடத்தில் ஏறிவிட்டால் யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை.

பெயர் தெரியாத ஒரு கருத்தை வைத்து மேனேஜர் விசாரிக்கலாம். அதை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான். இந்த வேறுபாட்டை நம் நாட்டு அரசு நிர்வாகம் கால் நூற்றாண்டாகப் பட்டுப் பட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறது. ராஜீவ் காந்தி சாலையின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு அந்த அனுபவம் அவசியம் தேவை.

டெல்லியில் நடந்தது

1999-ல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையராக இருந்தவர் என்.விட்டல். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு மின்னணுத் துறைச் செயலாளராக இருந்து, மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காத் திட்டத்துக்கு உருக்கொடுத்தவர் அவர். இன்று தென் சென்னையில் பல்லாயிரம் பேருக்குச் சோறு போடும் தொழில் தழைக்கக் காரணமானவர்களில் ஒருவர். 1999 ஜூன் 29 அன்று அவரது ஆணையம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. பெயரில்லாத புகார், பொய்ப் பெயரில் வரும் புகார் எதன் மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்றது. காரணத்தையும் சொன்னது. அப்படிப்பட்ட புகார்கள் நேர்மையான அலுவலர்களை மிரட்டவும், பதவி உயர்வு நெருங்கும் நேரத்தில் ஒருவரை முடக்கவும் வசதியான வழியாகிவிட்டன.

ஊழலை ஒழிக்க என்றே இருக்கும் ஓர் அமைப்பு இப்படிச் சொன்னதை யோசித்துப் பார்க்க வேண்டும். தகவல் எந்த வழியில் வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தோன்றுகிற இடம் அது. 2002-ல் இந்த விதியைச் சற்றுத் தளர்த்தினார்கள். புகாரில் சரிபார்க்கக்கூடிய விவரம் இருந்தால், ஆணையத்தின் ஒப்புதலோடு விசாரிக்கலாம் என்றார்கள். 2014 நவம்பரில் அந்தத் தளர்வையும் நீக்கிவிட்டு, நடவடிக்கை கூடாது என்ற பழைய நிலைக்கே திரும்பினார்கள்.

இதே அரசு 2015-16 வாக்கில் வேறொரு கதவைத் திறந்தது. இணைச் செயலாளர் முதலான உயர் பதவிகளுக்கு அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும்போது ஆண்டறிக்கைகளை மட்டும் பார்த்தால் போதாது, அவரோடு வேலை பார்த்த மேலதிகாரிகள், சக அதிகாரிகள், கீழே பணிபுரிந்தவர்கள், வெளியார் ஆகியோரிடமும் கருத்துக் கேட்க வேண்டும் என்று ஒரு முறை வந்தது. '360 டிகிரி மதிப்பீடு' என்ற பெயரில் அது பேசப்பட்டது. நோக்கம் நல்லதுதான். ஆண்டறிக்கையில் எல்லோருக்கும் பத்துக்குப் பத்து போட்டுக்கொண்டிருந்தால், உண்மையில் யார் எப்படி என்று தெரிய வேறு வழி வேண்டுமே.

2017 ஆகஸ்டில் பணியாளர் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு இதை ஆராய்ந்து கடுமையாக விமர்சித்தது. இந்த முறை வெளிப்படையாக இல்லை, தனிமனித விருப்பு வெறுப்புக்கு இடம் தருகிறது, கருத்துகள் முறைசாரா வழியில் பெறப்படுவதால் திரிக்க வசதியாக இருக்கிறது என்றது. அந்த அறிக்கையில் இந்த விஷயத்தின் நரம்பைத் தொட்ட இடம் ஒன்று உண்டு. ஓர் அதிகாரி தனக்குக் கீழே இருந்தவர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுத்திருக்கலாம், வெளியாரின் முறையற்ற கோரிக்கையை மறுத்திருக்கலாம். அவர்களிடமே கருத்துக் கேட்டால் கணக்குத் தீர்க்கும் வாய்ப்பாக அதை எடுத்துக்கொள்வார்கள் என்று குழு சுட்டிக்காட்டியது.

தனியார் அலுவலகத்திலும் இதே ஆட்கள்தான் அடி வாங்குகிறார்கள். பெயரில்லாத தாக்குதலுக்கு முதலில் இரையாகிறவர் சோம்பேறி அல்ல. 'இல்லை, இது சரியில்லை, அனுப்ப முடியாது' என்று சொல்வதையே வேலையாகக் கொண்டவர்தான் இரையாகிறார். டெஸ்டிங் லீட், தர ஆய்வாளர், கணக்குப் பிரிவில் பில்லைத் திருப்பி அனுப்புகிறவர், ஷிஃப்ட் அட்டவணை போடுகிறவர், பாதுகாப்புத் தணிக்கை செய்பவர். இவர்கள் வேலையைச் சரியாகச் செய்தாலே சிலருக்குக் கோபம் வரும்.

ஏழு படிவங்கள்

கணக்குக்காக ஓர் அணியைக் கற்பனை செய்துகொள்வோம். சோழிங்கநல்லூரில் ஒரு நிறுவனம். வங்கி மென்பொருளைப் பராமரிக்கும் சின்ன அணி. அதில் டெஸ்டிங் லீடாக இருப்பவர் சேலையூரில் இருந்து வரும் ஒரு பெண். அவரைப் பற்றி ஏழு சக ஊழியர்கள் படிவம் நிரப்பியிருக்கிறார்கள். ஐந்து பேர் கொடுத்த மொத்த மதிப்பெண் 4, 4, 5, 4, 4. மீதி இரண்டு பேர் 1, 1.

ஐவரை மட்டும் எடுத்தால் சராசரி 4.2. ஏழு பேரையும் சேர்த்தால் 23-ஐ ஏழால் வகுக்க ஏறத்தாழ 3.3. பதவி உயர்வுக்கு 3.5 வேண்டும் என்று அந்த நிறுவனத்தில் வைத்திருந்தால், இரண்டே பேர் அவருடைய வருடத்தை முடித்துவிட்டார்கள். ஏழு பேர் மட்டும் மதிப்பெண் போடும் இடத்தில் சராசரி என்பது அவ்வளவு எளிதில் சாயக்கூடியது. மதிப்பெண்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 4 வருகிறது. ஆனால் பெரும்பாலான மனிதவள மென்பொருள் திரைகளில் மேனேஜர் கண்ணில் முதலில் படுவது சராசரிதான்.

இனி அந்த இரண்டு படிவங்களைத் திறந்து கேள்வி கேள்வியாகப் பார்க்க வேண்டும். ஒரு படிவத்தில் பத்துக் கேள்விக்கும் 1 போட்டிருக்கிறது. 'கூட்டங்களுக்கு நேரத்துக்கு வருகிறாரா' என்ற கேள்விக்கும் 1. மற்ற ஐந்து பேரும் அந்தக் கேள்விக்கு 5 போட்டிருக்கிறார்கள். வருகைப் பதிவும் அதையே சொல்கிறது. ஒருவரிடம் எந்த நல்ல குணமும் கண்ணில் படாத அளவுக்கு வேலையில் யாரும் இருப்பதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே எண் போட்டிருந்தால், எழுதியவர் கேள்விகளைப் படிக்கவில்லை அல்லது ஆளைப் பார்த்து மட்டும் போட்டிருக்கிறார் என்று பொருள். எல்லாவற்றுக்கும் 5 போட்ட படிவத்துக்கும் இது பொருந்தும்.

கட்டத்தில் எழுதியிருப்பது என்ன? முதல் படிவத்தில்: 'யாரையும் மதிப்பதில்லை. எல்லோரும் இவருடன் வேலை செய்யத் தயங்குகிறார்கள்.' இரண்டாவதில்: 'டீம் பிளேயர் இல்லை. இவரால் ரிலீஸ் தாமதமாகிறது.'

முதல் கருத்தில் நாள் இல்லை, இடம் இல்லை, நிகழ்ச்சி இல்லை. அது ஒருவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லவில்லை, எப்படிப்பட்டவர் என்று மட்டும் சொல்கிறது. 'எல்லோரும்' என்று எழுதியிருப்பதைக் கவனிக்க வேண்டும். தனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறவருக்கு அந்தச் சொல் தேவைப்படாது. இங்கே 'எல்லோரும்' தயங்குவதாகச் சொல்லும்போதே ஐந்து பேர் 4-ம் 5-ம் போட்டிருக்கிறார்கள். இந்தக் கருத்தைச் சரிபார்க்க வழியே இல்லை. சரிபார்க்க வழியில்லாத கருத்துக்கு மதிப்பீட்டில் இடமும் இல்லை.

இரண்டாவது கருத்து வேறு வகை. ரிலீஸ் தாமதமானது என்பது பதிவேட்டில் பார்க்கக்கூடிய விஷயம். மேனேஜர் பார்க்கிறார். உண்மைதான், பிப்ரவரியில் இரண்டு முறை ரிலீஸ் தள்ளிப்போயிருக்கிறது, இரண்டு முறையும் ஒப்புதல் தர மறுத்தவர் இந்தப் பெண். இங்கே பல மேனேஜர்கள் நின்றுவிடுவார்கள்: 'சொன்னது சரியாத்தானே இருக்கு.' நிற்கக் கூடாது. அதே பதிவேட்டில் குறைப்பட்டியலைத் திறந்தால், வட்டிக் கணக்கு தவறாக வரும் ஒரு பிழை முதல் நிலைக் குறையாகப் பதிவாகியிருக்கிறது. அது வாடிக்கையாளரிடம் போயிருந்தால் வங்கியின் கணக்குகளே தப்பாகியிருக்கும். அவர் நிறுத்தியதால்தான் தப்பித்தார்கள். கருத்தில் சொன்ன சம்பவம் உண்மை, அதிலிருந்து எடுத்த முடிவு பொய். தாக்குதல்களில் இந்த வகைதான் ஆபத்தானது. ஏனென்றால் அரைகுறையாகச் சரிபார்த்தால் அது இன்னும் வலுப்பெறும்.

மூன்றாவதாக ஒரு கருத்தும் இருக்கிறது. 4 மதிப்பெண் போட்ட ஒருவர் எழுதியது: 'குறையைக் குழு மின்னஞ்சலில் எல்லோர் முன்னிலையிலும் பெயர் சொல்லி எழுதிவிடுகிறார். முதலில் தனியாகச் சொன்னால் நல்லது.' இதில் கோபம் இல்லை. எது நடந்தது, எங்கே நடந்தது, என்ன மாற வேண்டும் என்று இருக்கிறது. மின்னஞ்சலைத் திறந்தால் உண்மை தெரிந்துவிடும். இந்த மூன்று கருத்துகளில் அந்த லீடிடம் கொண்டுபோக வேண்டியது இதுதான். அவருக்கு இது கசக்கலாம், ஆனால் பயன்படும். ஒருவேளை மற்ற இருவரின் கோபமும் இந்த மின்னஞ்சலில்தான் தொடங்கியிருக்கலாம்.

துப்பு என்று நினைத்து மேனேஜர்கள் ஏமாறும் இடங்களும் உண்டு. இரண்டு படிவங்களும் கடைசி நாள் மாலையில் பத்து நிமிட இடைவெளியில் வந்திருந்தால் சதி என்று சிலர் முடிவு கட்டுவார்கள். கடைசி நினைவூட்டல் வந்ததும்தான் பாதிப் பேர் நிரப்புகிறார்கள். நேரத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. இரண்டிலும் ஒரே சொற்றொடர் வந்தால் அது கொஞ்சம் கனமான அடையாளம். ஆனாலும் கூட்டுச் சதி என்பதற்கு அது ஆதாரமாகாது. டீக்கடையில் ஒன்றாக நின்று பேசியதை இருவரும் தனித்தனியாக எழுதியிருக்கலாம். அதிலிருந்து மேனேஜர் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: ஒரே பேச்சிலிருந்து பிறந்த இரண்டு கருத்துகள் இரண்டு சாட்சிகள் ஆகமாட்டா.

அடுத்து விசாரிப்பது. 'இதை யார் எழுதினது?' என்று அணியில் கேட்கவே கூடாது. கேட்டால் அடுத்த வருடம் ஒரு படிவத்திலும் உண்மை வராது. ஆளைப் பற்றிக் கேட்காமல் வேலையைப் பற்றிக் கேட்க வேண்டும். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, 'போன ரெண்டு ரிலீஸ்ல டெஸ்டிங்ல இருந்து உங்களுக்கு வர வேண்டியது நேரத்துக்கு வந்துச்சா? எங்க மாட்டிக்கிச்சு?' என்று கேட்டால் போதும். குறை இருந்தால் அது தானாக வெளியே வரும். இன்னொரு வழி, இந்த அணிக்கு வெளியே அவரோடு வேலை பார்க்கும் வாடிக்கையாளர் தரப்பு, பக்கத்து அணி ஆகியோரின் அனுபவம். அவர்களுக்கு இந்த அணியின் உள் சண்டை தெரியாது.

ஏன் எழுதுகிறார்கள்

பகை மட்டும் காரணம் என்று நினைத்தால் தப்பு. மதிப்பீட்டு முறையே சிலரை இதற்குத் தள்ளுகிறது. ஓர் அணியில் உயர்ந்த மதிப்பீடு இத்தனை பேருக்குத்தான், கடைசி இடத்தில் ஒருவராவது இருந்தே ஆக வேண்டும் என்று 'பெல் கர்வ்' வைத்திருந்தால், பக்கத்து நாற்காலிக்காரர் சரிவது என் பாதுகாப்பு ஆகிவிடுகிறது. 2015 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் அமேசானின் அமெரிக்க அலுவலகங்களைப் பற்றி வெளியிட்ட நீண்ட கட்டுரையில் இது பேசப்பட்டது. சக ஊழியரைப் பற்றி எப்போது வேண்டுமானாலும் மேலாளர்களுக்குக் கருத்து அனுப்ப அங்கே ஒரு கருவி இருந்தது. அனுப்பியவர் யார் என்று மேலாளருக்குத் தெரியும், பேசப்பட்டவருக்குச் சொல்ல மாட்டார்கள். சிலர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு ஒரே ஆளைக் குறிவைத்ததாகவும், சிலர் ஒருவரையொருவர் மாறி மாறிப் புகழ்ந்துகொண்டதாகவும் ஊழியர்கள் அந்த நாளிதழிடம் சொன்னார்கள். வந்த கருத்துகளில் பெரும்பாலானவை பாராட்டுகளே என்று நிறுவனம் பதிலளித்தது. ஒருவேளை இரண்டுமே உண்மையாக இருக்கலாம். நூறு பாராட்டுக்கு நடுவே விழும் இரண்டு குத்துதானே ஒருவரைக் கீழே தள்ளுகிறது.

எண்களை நம்புகிறவர்களுக்கு இன்னொரு தகவல். ஸ்கல்லன், மவுன்ட், காஃப் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், நான்காயிரத்துக்கும் மேற்பட்ட மேலாளர்களுக்கு மேலதிகாரிகளும் சகாக்களும் கீழே இருப்பவர்களும் போட்ட மதிப்பெண்களை அலசினார்கள். மதிப்பெண்களில் காணப்பட்ட வேறுபாட்டில் பாதிக்கும் மேல், மதிப்பிடப்பட்டவரின் திறமையால் வரவில்லை. மதிப்பிட்டவரின் தனிப்பட்ட போக்கால் வந்தது. அங்கே யாரும் யாரையும் தாக்கவில்லை. சாதாரணமாக நேர்மையோடு போட்ட மதிப்பெண்ணிலேயே போட்டவரின் முகம்தான் அதிகம் தெரிகிறது என்றால், வன்மத்தோடு போட்டதில் வேறு என்ன தெரியும்?

நம் ஊருக்கே உரிய சில தாக்குதல்கள் இந்தப் படிவங்களில் நாகரிக உடை போட்டுக்கொண்டு வருகின்றன. 'கம்யூனிகேஷன் சரியில்லை' என்பது அவற்றில் முதலிடம் பெறும். தென் மாவட்டங்களிலிருந்து முதல் தலைமுறைப் பட்டதாரியாக வந்து, கூடுவாஞ்சேரியிலோ பெருங்களத்தூரிலோ அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கும் பையனைப் பற்றி இப்படி எழுதுகிறார்கள். அவன் எழுதிய அறிக்கையில் பிழையா, வாடிக்கையாளர் சொன்னதைத் தவறாகப் புரிந்துகொண்டானா, அல்லது அவனுடைய ஆங்கில உச்சரிப்பு எழுதியவருக்குப் பிடிக்கவில்லையா? முதல் இரண்டும் வேலைக் குறை. மூன்றாவதற்குப் பின்னால் ஊரும் சாதியும் பள்ளிக்கூடமும் ஒளிந்திருக்கலாம். எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் மேனேஜர் அந்த வரியை அப்ரைசலில் ஒட்டக் கூடாது.

'டைம் ஆனா கிளம்பிடுறாங்க, கமிட்மென்ட் இல்லை' என்பது பெண்களைப் பற்றி வருவது. மாலை கம்பெனி பஸ்ஸை விட்டால் மேடவாக்கம் கூட்டு ரோட்டைத் தாண்டித் தாம்பரம் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று அந்த வழியில் போகிற யாருக்கும் தெரியும். அந்தப் பெண் வீட்டுக்குப் போய் இரவு ஒன்பது மணிக்கு அமெரிக்க வாடிக்கையாளரோடு அழைப்பில் இருக்கிறாரா என்பது கணினிப் பதிவில் இருக்கும். நாற்காலி காலியாக இருப்பதுதான் சக ஊழியர் கண்ணில் படும். முழு வேலையும் மேனேஜர் கண்ணில் பட வேண்டும்.

ஒதுக்கித் தள்ளவும் கூடாது

இவ்வளவும் சொன்ன பிறகு, கீழ் மதிப்பெண்களைத் தூக்கி எறிந்துவிட்டு நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். கூடாது. ஆறு பேரிடம் இனிமையாகப் பழகிவிட்டு ஒரே ஒரு ஜூனியரை மட்டும் தினமும் நசுக்கும் லீடுகள் இருக்கிறார்கள். அங்கே ஆறு 5-ம் ஒரு 1-ம் வரும். அந்த 1-தான் உண்மை. எண் கணக்கு இந்த இரண்டு நிலைமைகளையும் பிரித்துச் சொல்லாது. எழுதிய விவரமும், அதைச் சரிபார்க்கும் உழைப்பும்தான் பிரிக்கும். பெயர் மறைப்பு என்ற ஏற்பாடே பலவீனமானவருக்காக வந்தது. மேனேஜரைப் பற்றி அவருக்குக் கீழே இருப்பவர்கள் எழுதும் படிவத்துக்கு அது கட்டாயம் வேண்டும். சம பதவியில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் எழுதும்போது அந்த அளவுக்குத் தேவையா என்பதுதான் என் சந்தேகம்.

பாலியல் தொல்லையைக் குறிப்பால் உணர்த்தும் வரி ஒன்று கட்டத்தில் வந்தால் கதையே வேறு. 'இவர் பக்கத்துல உட்காரப் பெண்கள் பயப்படுறாங்க' என்று இருந்தால், அதைச் சராசரியில் சேர்ப்பதும் தவறு, ஆதாரமில்லை என்று மூடுவதும் தவறு. 2013-ம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழுவுக்குப் பாதிக்கப்பட்டவரின் எழுத்து மூலமான புகார் வேண்டும். பெயரில்லாத ஒரு வரி அந்தப் புகார் ஆகாது. ஆனால் மேனேஜர் தானே துப்பறியாமல் அந்த வரியை அப்படியே உள்ளகக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். புகார் கொடுக்கும் வழி என்ன, யாரிடம் போகலாம் என்பதை அந்தத் தளம் முழுவதற்கும் மறுபடி எடுத்துச் சொல்ல வேண்டும். அதே நேரம், குறிப்பிடப்பட்டவரின் மதிப்பீட்டில் அந்த வரியின் நிழல் விழக் கூடாது. பண மோசடி, பாதுகாப்பு மீறல் பற்றிய வரிகளையும் இதே போல் அந்தந்தத் துறையிடம் விட வேண்டும். அப்ரைசல் அறை அவற்றை விசாரிக்கும் இடமே இல்லை.

சொல்லாமல் வைத்த வரி

தேவ் தத் என்ற பொறியாளர் எல்லைச் சாலைப் பணியில் இருந்தவர். பதவி உயர்வுக்குக் கடைசி ஐந்து ஆண்டுகளும் 'மிக நன்று' என்ற மதிப்பீடு வேண்டும். ஓர் ஆண்டில் அவருக்கு 'நன்று' என்று மட்டும் போட்டிருந்தார்கள். திட்டவில்லை, குறை சொல்லவில்லை. ஆனால் அதை அவரிடம் சொல்லவும் இல்லை. பதவி உயர்வு போயிற்று. 2008 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. நல்லதோ கெட்டதோ, ஆண்டறிக்கையில் எழுதும் ஒவ்வொரு பதிவையும் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்றது. 2013-ல் சுக்தேவ் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதையே உறுதி செய்தது.

இந்தத் தீர்ப்புகள் அரசுப் பணிக்கானவை. தனியார் நிறுவனத்தை நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை. ஆனால் அவற்றின் நியாயம் சிறுசேரிக்குப் பொருந்தாமல் போய்விடுமா? ஒருவருக்குத் தெரியாத காரணத்தால் அவர் சம்பளத்தை நிறுத்தினால், தவறைத் திருத்திக்கொள்ளவும் முடியாது, பொய்யை மறுக்கவும் முடியாது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் தொழிலாளர் சட்டத்துக்கு அப்பாற்பட்டவை என்ற எண்ணம் நீண்ட நாள் இருந்தது. 2015 ஜனவரியில் சென்னையின் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனம் கர்ப்பிணி ஊழியர் ஒருவரை வேலையிலிருந்து நீக்கியதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நிறுவனம் நீக்கத்தைத் திரும்பப் பெற்றது. 2016-ல் தமிழ்நாடு அரசு, அப்போதிருந்த தொழில் தகராறு சட்டத்திலிருந்து இந்த நிறுவனங்களுக்கு விலக்கு இல்லை என்று தெளிவுபடுத்தியது. மதிப்பீட்டைக் காட்டி ஒருவரை அனுப்பிவிட்டு, அந்த மதிப்பீடு எப்படி வந்தது என்று கேட்டால் வாயை மூடிக்கொள்ள முடிகிற காலம் போய்க்கொண்டிருக்கிறது.

சொல்லும் விதம் ஒன்று உண்டு. கருத்தை எழுதியபடியே படித்துக் காட்டினால், எட்டுப் பேர் அணியில் எழுதியவர் யார் என்று அவர் ஊகித்துவிடுவார்; பெரும்பாலும் தவறாக ஊகிப்பார். மறுநாளிலிருந்து கம்பெனி பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஒன்றும் அறியாதவர் ஒருவர் விரோதியாகிவிடுவார். இப்படிப் பல வருட நட்பு முறிந்திருக்கிறது. அதனால் மேனேஜர் தான் சரிபார்த்ததை மட்டும், தன் சொல்லில், தன் பொறுப்பில் சொல்ல வேண்டும்: 'பிப்ரவரி மாசம் குழு மெயில்ல பெயர் போட்டு எழுதினதை நானும் பார்த்தேன். அடுத்த தடவை முதல்ல தனியாச் சொல்லிப் பாருங்க.' அப்போது அது மொட்டைக் கடிதமாக இருக்காது. பெயர் உள்ள ஒருவரின் கருத்தாகிவிடும், அதோடு வாதாடவும் முடியும்.

படிவத்தை வடிவமைக்கும் மனிதவளத் துறைக்கும் பங்கு இருக்கிறது. 'உங்கள் பெயர் வெளியே தெரியாது' என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. எவருக்குமே தெரியாது என்பது ஒன்று. மனிதவளத் துறையில் ஒருவருக்கு மட்டும் தெரியும், மேனேஜருக்கும் மதிப்பிடப்படுபவருக்கும் தெரியாது என்பது இன்னொன்று. பல கருத்துக்கணிப்புக் கருவிகளில் ஆளுக்கு ஒரு தனி இணைப்புத்தான் போகிறது. எனவே முதல் வாக்குறுதி பல இடங்களில் தொழில்நுட்ப ரீதியாகவே உண்மையில்லை. இரண்டாவது வகையை வெளிப்படையாக அறிவித்துவிடுவது நேர்மை. தன் பெயர் ஒருவருக்காவது தெரியும் என்றால் சாதிச் சொல்லையும் உடல் கேலியையும் எழுதும் கை நிற்கும். பயந்த ஜூனியருக்கும் பாதுகாப்பு இருக்கும். மூன்று நான்கு பேருக்குக் குறைவாக எழுதியிருந்தால் முடிவைத் திரையில் காட்டாமல் இருப்பது, 'இவரோடு போதுமான அளவு வேலை செய்யவில்லை' என்று ஒரு விடை வைப்பது, 1-ம் 5-ம் போட்டால் ஒரு சம்பவம் எழுதச் சொல்வது ஆகிய மூன்றுக்கும் புதிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. அந்த மதிப்பெண்ணைச் சம்பளத்தோடு நேராக இணைக்காமல் இருந்தால் ஆயுதத்தின் கூர்மையே பாதி போய்விடும்.

இன்னொன்று அடிக்கடி மறக்கப்படுகிறது. அணி கலைந்துவிடும், புராஜெக்ட் மாறிவிடும், எழுதியவர் வேலையை விட்டே போயிருப்பார். ஆனால் அந்த வரி மனிதவள மென்பொருளில் அப்படியே இருக்கும். அடுத்த மேனேஜர் அவரைச் சேர்த்துக்கொள்வதற்கு முன் அதைப் படிப்பார். சரிபார்த்துப் பொய் என்று கண்ட கருத்தை ஒன்று நீக்க வேண்டும், அல்லது அதன் பக்கத்திலேயே 'விசாரிக்கப்பட்டது, ஆதாரமில்லை' என்று தேதியோடு பதிய வேண்டும்.

இப்படி ஒரு வரியால் அடிபட்டு இதைப் படித்துக்கொண்டிருப்பவருக்கு: எழுதியவரைத் தேடாதீர்கள். மேனேஜருக்கு மின்னஞ்சலில் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த நிகழ்ச்சியைப் பற்றி இது சொல்லப்பட்டது, நீங்கள் அதை எந்தப் பதிவில் சரிபார்த்தீர்கள், என் பதிலை என் கோப்பில் சேர்ப்பீர்களா? பேச்சில் கேட்டுவிட்டு விடாதீர்கள். எழுத்தில் கேளுங்கள், உங்களிடம் உள்ள மின்னஞ்சல், பணிப் பதிவு எல்லாவற்றையும் இணையுங்கள். மேனேஜராக இருந்து படிப்பவருக்கு: இந்த ஏப்ரலில் உங்கள் திரைக்கு வரும் படிவங்களில் ஒருவரையாவது இப்படி யாரோ குறிவைத்திருக்கலாம். சராசரியில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த இரண்டு படிவங்களைத் திறந்து கேள்வி கேள்வியாகப் படியுங்கள்; பிப்ரவரி மாதப் பதிவேட்டையும் திறந்து பாருங்கள்.